தினமும் தலைக்கு ஊற்றுவதா, செவ்வாய் வெள்ளி போதுமா, வாரம் ஒரு முறையா?

கொழிஞ்சாம்பாறையில் பார்லர் வைத்திருக்கிறேன். பாலக்காடு மாவட்டம்தான், ஆனாலும் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் வீட்டில் பேசுவது தமிழ். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் பெண் எடுப்பதும் கொடுப்பதும் இங்கே சாதாரணம். அதனால் ஒரு கேள்வி வருடம் முழுக்க என் நாற்காலியில் வந்து உட்காரும். பிறந்த வீட்டில் செவ்வாய், வெள்ளி என்று வாரம் இரண்டு நாள் எண்ணெய் தேய்த்துக் குளித்து வளர்ந்த பெண், இங்கே வந்ததும் மாமியார் வீட்டில் எல்லோரும் தினம் காலையில் தலைக்கு ஊற்றுவதைப் பார்க்கிறாள். இரண்டு பக்கமும் நீளமான, நல்ல முடி உள்ள பாட்டிமார்கள் இருக்கிறார்கள். அப்படியானால் எது சரி?

போன ஆடியில் வந்த ஒரு பெண்ணின் தலையை வைத்தே இதைச் சொல்கிறேன். பொள்ளாச்சியிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள், வயது இருபத்தாறு. அடர்த்தியான சுருட்டை, இழுத்துப் பிடித்தால் இடுப்பு வரை வரும், விட்டால் தோளுக்கு ஏறிவிடும். "அக்கா, இங்க வந்த புதுசுல மாமியார் சொன்னாங்கன்னு தினமும் ஊத்துனேன். முடி நாரு மாதிரி ஆயிடுச்சு. அப்புறம் யாரோ சுருட்டை முடிக்கு வாரம் ஒரு தடவைதான்னு சொன்னாங்க. அப்படிப் பண்ணுனா அரிப்பு தாங்கல" என்றாள். மூன்று வழியில் இரண்டை முயன்று பார்த்து, இரண்டிலும் தோற்றிருந்தாள். அவளுடைய கதையை முடிவில் முழுதாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலரும் தடுமாறும் இடம் அதில்தான் இருக்கிறது.

## முதலில் எதை வைத்து முடிவு செய்வது

எத்தனை நாளுக்கு ஒரு முறை என்பதைத் தலைத்தோல் சொல்ல வேண்டும். எப்படிக் கழுவுவது, கழுவியபின் என்ன செய்வது என்பதை முடியின் நீளமும் வளைவும் சொல்ல வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் அநேகமாக எல்லாத் தவறும் நடக்கிறது.

காரணம் எளிது. எண்ணெய் தோலில்தான் சுரக்கிறது. முடி வேரை ஒட்டி இருக்கும் சுரப்பிகளிலிருந்து வந்து, முடியின் மேல் மெல்ல இறங்குகிறது. நேரான முடியில் தடையில்லாமல் வழியும், சீப்பு வேறு அதை இழுத்து நுனி வரை கொண்டுபோகும். அதனால் நேர்முடிக்காரர்களுக்கு ஒன்றரை நாளிலேயே முடி மொத்தமும் பிசுபிசுக்கும். சுருட்டையில் ஒவ்வொரு வளைவிலும் அந்த எண்ணெய் நின்றுவிடுகிறது. அடியில் தோல் பிசுபிசுத்துக் கிடக்க, நான்கு விரல் தள்ளி முடி காய்ந்து கிடக்கும். சுருட்டை என்றால் வறண்ட தலை என்று எண்ணுவது இதனால்தான் தப்பு. வறண்டிருப்பது முடி. தோல் எண்ணெயாகவும் இருக்கலாம், வறட்சியாகவும் இருக்கலாம்.

உங்கள் தோல் எந்த வகை என்று கண்டுபிடிக்க ஒரு டிஷ்யூ பேப்பர் போதும். எண்ணெய் எதுவும் வைக்காமல் தலையை ஷாம்பு போட்டு அலசிக் காயவையுங்கள். மறுநாள் அதே நேரத்துக்கு, வகிடு எடுத்து, பேப்பரை உச்சந்தலையிலும் காதுக்குப் பின்னாலும் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். வெளிச்சத்தில் பிடித்தால் பஜ்ஜி வைத்த பேப்பர் போலக் கண்ணாடியாகத் தெரிந்தால் எண்ணெய்த் தோல். இரண்டாம் நாள்தான் அப்படித் தெரிகிறது என்றால் நடுத்தரம். மூன்றாம் நாளும் பேப்பர் அப்படியே இருந்தால் வறண்ட தோல். வியர்த்த உடனே இதைச் செய்யாதீர்கள். வியர்வை ஈரம் கொஞ்ச நேரத்தில் காய்ந்து மறைந்துவிடும், எண்ணெய்க் கறை மறையாது. அதை வைத்தும் பிரித்து அறியலாம்.

அடுத்தது செதில். தலையில் வெள்ளையாக உதிர்ந்தால் உடனே "வறட்சி, எண்ணெய் வை" என்று வீட்டில் சொல்வார்கள். வறட்சியால் உதிர்வது பொடிப்பொடியாக, மாவு போல இருக்கும். அப்படிப்பட்டவர்களுக்குக் கை கால் தோலும் வெடிப்பாகத்தான் இருக்கும். பொடுகு கொஞ்சம் பெரிதாக, மஞ்சள் பூத்து, நகத்தில் ஒட்டும், அரிக்கும், அடியில் தோல் சிவந்திருக்கும். எல்லோர் தலையிலும் இயல்பாக வாழும் மலசீசியா என்ற பூஞ்சை, தலை எண்ணெயைத் தின்றுவிட்டு வெளியேவிடும் அமிலம் சிலருடைய தோலுக்கு ஒத்துக்கொள்வதில்லை. அதுதான் பொடுகின் தொடக்கம். அந்தத் தலையில் மேலும் எண்ணெய் வைத்து வாரக் கணக்கில் ஊறவிடுவது அதற்குச் சோறு போடுவதுதான்.

மூன்றாவது, உங்கள் தண்ணீரும் காயவைக்கும் நேரமும். இதைப் பெரும்பாலும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மழைக்காலத்தில் மூன்று மணி நேரம் காயாத முடியைக் காலை ஏழரை பஸ்ஸுக்கு முன்னால் கழுவுவது என்றால், ஈரமாகவே பின்னிக்கொண்டு ஓடுவீர்கள். அந்தச் செலவையும் சேர்த்துத்தான் முடிவு எடுக்க வேண்டும்.

## தினமும் தலைக்கு ஊற்றுவது

பேப்பர் முதல் நாளே கண்ணாடியாகிறது, முடி நேராகவோ லேசான அலையாகவோ இருக்கிறது, தோளுக்கு மேல்தான் நீளம் என்றால் இந்த வழி நல்லது. ஹெல்மெட் போட்டு வேலைக்குப் போகிறவர்கள், வயலிலும் செங்கல் சூளையிலும் வேலை செய்கிறவர்கள், பருவ வயதுப் பிள்ளைகள் தயங்காமல் தினமும் கழுவலாம்.

அடிக்கடி கழுவினால் தோல் பழிவாங்குவது போல இன்னும் அதிகமாக எண்ணெய் சுரக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. அதை நம்பி எண்ணெய்த் தலைக்காரர்கள் ஐந்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சுரப்பிகளை இயக்குவது உடம்பின் ஹார்மோன்கள். தலையைக் கழுவினோமா இல்லையா என்பது அவற்றுக்குத் தெரியாது. கழுவாமல் இருந்து தலையைப் 'பழக்க' முடியாது, அழுக்குத்தான் சேரும்.

சரி, அப்படியானால் மாமியார் சொன்னது சரிதானே என்று கேட்கலாம். இங்கேதான் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பழைய பாலக்காட்டு வீடுகளில் தினமும் நடந்தது ஷாம்பு குளியல் இல்லை. உள்ளங்கை எண்ணெயைத் தடவிக்கொண்டு குளத்தில் முங்குவார்கள். செம்பருத்தி இலையைக் கசக்கிப் பிழிந்த தாளியைத் தேய்ப்பார்கள். தாளியின் வழவழப்பு லேசான பிசுக்கை எடுக்கும், முடியை உரசவிடாமல் வழுக்கவும் வைக்கும். குளத்துத் தண்ணீர் பெரும்பாலும் மழைத் தண்ணீர், மென்மையானது. இன்று நாம் செய்வது என்ன? அதே 'தினமும்' என்ற வார்த்தையை மட்டும் வைத்துக்கொண்டு, குளத்துக்குப் பதில் போர் தண்ணீர், தாளிக்குப் பதில் பாக்கெட் ஷாம்பு. பெயர் ஒன்றுதான், காரியம் வேறு.

எங்கள் கிழக்குப் பக்கம் பல வீட்டில் போர் தண்ணீர் உப்புத்தான். அந்தத் தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து முடியின் மேல் படிந்து, காய்ந்தபின் சொரசொரவென்று ஆக்கும். தினமும் கழுவினால் தினமும் ஒரு படிவு. சோப்புக்கட்டி போட்டுத் தலை குளிக்கிறவர்களுக்கு இது இன்னும் மோசம். சோப்பும் சுண்ணாம்பும் சேர்ந்து வெள்ளைக் கசடாக முடியில் ஒட்டிக்கொள்ளும், அதைப் பொடுகு என்று நினைத்துக்கொண்டு என்னிடம் வந்தவர்கள் உண்டு. போர் தண்ணீர்தான் என்றால் ஷாம்புவே மேல், கடைசியாக அலசும் இரண்டு சொம்பு மட்டுமாவது பைப் தண்ணீராகவோ மழைத் தண்ணீராகவோ இருக்கட்டும்.

மறைந்திருக்கும் இன்னொரு செலவு, நனைவதும் காய்வதும். நனைந்த முடி ஊதிப் பருத்து, வலுக் குறைந்து, இழுத்தால் சவ்வு போல நீளும். நீண்ட முடியைத் தினம் நனைத்து, துண்டால் அடித்து, ஈரத்தோடு சிக்கெடுத்தால் நுனி பிளந்துவிடும். சுருட்டைக்கு இது இரட்டிப்பு, ஒவ்வொரு வளைவும் முடி உடைவதற்கு ஏற்ற இடம். நரைக்கு மருதாணியோ டையோ போடுகிறவர்களுக்குச் சாயமும் சீக்கிரம் வெளுக்கும்.

## வாரம் இரண்டு, மூன்று முறை

செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் இடையில் மூன்று நாள், வெள்ளிக்கும் செவ்வாய்க்கும் இடையில் நான்கு நாள். எண்ணெய் கொஞ்சம் சேர்கிறது, நாற்றம் எடுக்கும் அளவுக்குச் சேருவதில்லை. இரண்டாம் நாள் பேப்பர் கறைபடும் நடுத்தரத் தோலுக்கு இதைவிடப் பொருத்தமான இடைவெளி கிடையாது. நீண்ட நேர்முடி வைத்திருக்கும், கொஞ்சம் எண்ணெய்த் தோல் உள்ள பெண்களுக்கும் நான் இதைத்தான் சொல்வேன், அவசியப்பட்டால் ஞாயிறு ஒன்றைச் சேர்த்து மூன்றாக்கிக்கொள்ளலாம்.

இந்த வழியில் செலவு எங்கே ஒளிந்திருக்கிறது என்றால் எண்ணெயில். எங்கள் அம்மா காலத்தில் தலையில் எண்ணெய் வழிய வழிய வைத்து, அதை எடுக்க அரப்புத் தூளையோ, வடித்த கஞ்சியில் கரைத்த சீயக்காயையோ தேய்ப்பார்கள். உசிலை மரத்து இலைதான் அரப்பு. இரண்டிலும் நுரைக்கும் சத்து உண்டு, எண்ணெயை எடுக்கும். ஆனால் அளவுக்கு மீறி வைத்த எண்ணெய் ஒரு தேய்ப்பில் போகாது. இரண்டாவது முறையும் தேய்க்கிறோம், ஷாம்பு என்றால் இரண்டாவது பாக்கெட்டையும் கிழிக்கிறோம். வைத்த எண்ணெயின் பலன் அந்த இரண்டாவது தேய்ப்பில் போய்விடுகிறது.

தேங்காய் எண்ணெய்க்கு ஒரு நல்ல குணம் உண்டு. அது முடிக்குள் ஊறும். குளிப்பதற்கு முன் வைத்தால், கழுவும்போது முடி ஊதுவதையும் அதன் புரதம் கரைந்து போவதையும் குறைக்கும். அதற்கு இரண்டு டீஸ்பூன் போதும், காதுக்குக் கீழே உள்ள நீளத்துக்கு மட்டும், அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம். எண்ணெய்த் தோல்காரர்களும் பொடுகு உள்ளவர்களும் உச்சியில் வைக்க வேண்டாம். வறண்ட தோல் என்றால் உச்சியிலும் வைக்கலாம், ஆனால் அன்றே கழுவிவிடுங்கள்.

சீயக்காய், அரப்பு பற்றி ஒரு வார்த்தை. நேர்முடியில் தூள் அலசினால் போய்விடும். சுருட்டையில் அது சிக்கி, காய்ந்தபின் திப்பித் திப்பியாக நிற்கும், அதை எடுக்கச் சீப்பு போட்டால் முடிதான் உடையும். ஆசைப்பட்டால் சீயக்காயை இரவே ஊறவைத்துக் கொதிக்கவிட்டு, துணியில் வடிகட்டிய தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள்.

## வாரம் ஒரு முறை, அல்லது பத்து நாளுக்கு ஒரு முறை

மூன்றாம் நாளும் பேப்பர் சுத்தமாக இருக்கிறவர்களுக்கு இது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் எண்ணெய் சுரப்பு குறைந்துவிடும், அவர்களைத் தினமும் தலைக்கு ஊற்றச் சொல்வது தோலை வெடிக்கவைக்கும். வயதுக்கு வராத குழந்தைகளுக்கும் சுரப்பு குறைவு, மண்ணில் புரண்டு வந்தாலொழிய வாரம் ஒன்றோ இரண்டோ போதும். நெருக்கமான சுருட்டையும் வறண்ட தோலும் சேர்ந்திருப்பவர்களுக்கு வாரம் ஒரு முறை மிகப் பொருத்தம், இரண்டு வாரம் வரைகூடத் தாங்குகிறவர்கள் உண்டு.

இங்கே செலவு காசில் இல்லை, நேரத்தில். சுருட்டையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, கழுவி, சிக்கெடுத்து, காயவைத்து எழுந்தால் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆகிவிடும்.

அதைவிடப் பெரிய செலவு பயம். யாருக்கும் ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயல்பு. தினமும் கழுவுகிறவருக்கு அது தினமும் சிறிது சிறிதாகத் தண்ணீரோடு போய்விடும். ஒரு வாரம் பின்னலுக்குள்ளேயே தங்கியிருந்த முடி ஒரே நாளில் கழுவும்போது கையோடு வந்தால் ஒரு கைப்பிடி இருக்கும். நாளுக்கு 70 என்று வைத்தாலும் ஏழு நாளுக்கு 490. அதைப் பார்த்துப் பயந்து, கழுவினால்தான் கொட்டுகிறது என்று இன்னும் தள்ளிப்போடுவார்கள். அடுத்த முறை இன்னும் பெரிய கைப்பிடி வரும். கழுவும் நாளில் மட்டும் வருகிறதா, எல்லா நாளும் தலையணையிலும் சீப்பிலும் கொத்தாக வருகிறதா என்று பாருங்கள். எல்லா நாளும் வந்தால் அது கழுவும் கணக்கில் சேராது. பிரசவத்துக்கோ கடும் காய்ச்சலுக்கோ பிறகு இரண்டு மூன்று மாதம் கழித்து அப்படிக் கொட்டுவது உண்டு. காசு அளவு வட்டமாக முடி போனாலோ, தோல் புண்ணானாலோ, தடித்த வெள்ளிச் செதில் படிந்தாலோ பார்லரில் நேரத்தை வீணாக்காமல் தோல் மருத்துவரிடம் போங்கள்.

எண்ணெய்த் தோல்காரர் இந்த வழிக்கு வந்தால் நான்காம் நாள் அரிப்பு தொடங்கும். தலையிலிருந்து புளித்த வாடை வரும். அதுதான் அடையாளம், உங்களுக்கு இந்த இடைவெளி அதிகம்.

## காலத்துக்கு ஏற்ப மாற்றுவது

பாலக்காட்டுக் கணவாய் நம் தலைக்குச் செய்வது வேறு ஊர்க்காரர்களுக்குப் புரியாது. கார்த்திகையில், மலையாளத்தில் விருச்சிகம், கிழக்கிலிருந்து காற்று கிளம்பி மாசி வரை அடிக்கும். காற்றில் ஈரமே இருக்காது, உதடு வெடிக்கும், புழுதி வேறு. அது முடிந்ததும் பங்குனி, சித்திரை வெயில், 40 டிகிரியைத் தொடும். அப்புறம் இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை. எங்கள் கிழக்குப் பக்கம் பாலக்காடு டவுன் அளவுக்குப் பெய்யாது, ஆனாலும் வானம் மூடிக்கொண்டு துணி காயாது. ஐப்பசியில் துலா மழை, மாலையில் இடி மின்னலோடு.

| காலம் | எண்ணெய்த் தோல் | வறண்ட தோல் | சுருட்டை முடி |
|---|---|---|---|
| கார்த்திகை முதல் மாசி வரை, காற்று | ஷாம்பு நாள்களைக் குறைக்க வேண்டாம் | 7 நாளை 9, 10 நாளாக்கலாம், வெந்நீர் வேண்டாம் | கழுவும் நாள் தோல் சொல்கிறபடி. முடியைப் பின்னி, துணி கட்டி வெளியே போகவும் |
| பங்குனி, சித்திரை, வெயில் | தினமும் அல்லது ஒன்றுவிட்டு ஒரு நாள் | ஷாம்பு வாரம் ஒன்றே; நடுவில் ஒரு நாள் வெறும் தண்ணீர் | பின்னலைப் பிரிக்காமல் தோலுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றலாம் |
| ஆனி முதல் ஐப்பசி வரை, மழை | ஒன்றுவிட்டு ஒரு நாள், காலையில் | வாரம் ஒரு முறை | காய நேரம் உள்ள நாளில் மட்டும், இரவில் வேண்டாம் |

வெயில் காலத்தில் நடக்கும் தவறு, வியர்வையை எண்ணெய் என்று நினைப்பது. வியர்வை தண்ணீரும் உப்பும், அதற்கு வெறும் தண்ணீர் போதும். வறண்ட தோலும் சுருட்டை முடியும் உள்ளவர்கள் வியர்த்த ஒவ்வொரு நாளும் ஷாம்பு போட்டால், சித்திரையிலேயே மார்கழிக் காற்றடித்த முடி போல ஆகிவிடும்.

காற்றுக் காலத்துத் தவறு வெந்நீர். மார்கழிக் குளிருக்கு ஆவி பறக்கத் தலையில் ஊற்றுகிறோம், தோலில் இருக்கும் கொஞ்சநஞ்ச எண்ணெயும் போய்விடும். பல்லில் கூச்சம் எடுக்காத அளவு வெதுவெதுப்பு போதும். மழைக்காலத்துத் தவறு ஈரக் கொண்டை. இரவில் தலைக்கு ஊற்றி, ஈரத்தோடு முடிந்துகொண்டு படுத்தால், நடுவில் மட்டும் மறுநாள் வரை காயாது, ஊசல் வாடை அங்கிருந்துதான் வருகிறது. ஃபேனுக்கு முன்னால் உட்கார்ந்து, ஈரிழைத் துண்டால் அடிக்காமல் ஒற்றி ஒற்றி எடுங்கள்.

## அந்தப் பெண்ணின் தலை

முதல் நாள் வகிடு எடுத்துப் பார்த்தபோதே உச்சியில் மஞ்சள் செதில். கழுவிவிட்டு மறுநாள் வரச் சொல்லி பேப்பர் வைத்தேன், உச்சியில் கண்ணாடி, காதுக்குப் பின்னாலும் கண்ணாடி. நுனியில் ஒரு முடியைப் பிடித்து மெல்ல இழுத்தால் படக்கென்று அறுந்தது. எண்ணெய்த் தோல், அதில் பொடுகு, மேலே காய்ந்த சுருட்டை. தினமும் கழுவியபோது தோல் நன்றாக இருந்தது, முடி போனது. வாரம் ஒரு முறை ஆக்கியபோது முடி தேறியது, தோல் கெட்டது. இரண்டு ஆலோசனையும் பாதிப் பாதி சரி.

இடைவெளியைத் தோலுக்காக வைத்தோம், செவ்வாயும் வெள்ளியும். அவளுக்கு அது பிறந்த வீட்டு நாள், மறக்காது. முதல் நான்கு வாரம் மருந்துக்கடையில் கிடைக்கும் கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பு. இது முடியைக் காயவைக்கும் என்பதால், குளிப்பதற்கு அரை மணி முன் நீளத்துக்கு மட்டும் தேங்காய் எண்ணெய். முடியை நான்காகப் பிரித்துத் தளர்வாக முறுக்கி கிளிப் போட்டுக்கொள்ள வேண்டும். ஷாம்பு இரண்டு டீஸ்பூன் எடுத்து, மூக்கு வைத்த பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர் சேர்த்து, ஒவ்வொரு வகிட்டிலும் தோலில் மட்டும் விட வேண்டும். விரல் நுனியால் தேய்த்து, நுரையை ஐந்து நிமிடம் விட்டு அலச வேண்டும். நகம் கூடாது. அலசும்போது வழியும் நுரையே நீளத்துக்குப் போதும், தனியாகத் தேய்க்க வேண்டாம். அப்புறம் காதுக்குக் கீழே கண்டிஷனர் தடவி, அது இருக்கும்போதே அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேலே மேலே சிக்கெடுக்க வேண்டும். சுருட்டையைக் காய்ந்தபின் சீவவே கூடாது. நேர்முடிக்கு இது தலைகீழ், பாதிக்கு மேல் காய்ந்தபின்தான் சீப்பு.

மாமியாரை அழைத்து வந்திருந்தாள். அவர் கேட்டது ஒன்றுதான்: "தலைக்கு ஊத்தாம அடுப்படிக்குள்ள எப்படிக் கண்ணு வர்றது?" நியாயமான கேள்வி, எத்தனையோ வருடப் பழக்கம். மற்ற நாள்களில் உடம்புக்குக் குளித்து, உச்சியில் மூன்று சொட்டு தண்ணீர் தெளித்துக்கொள்ளட்டும் என்று அவரே முடிவு சொன்னார்.

இரண்டாம் வாரம் அரிப்பு குறைந்தது. நான்காம் வாரம் செதில் இல்லை, அதன்பின் அந்த மருந்து ஷாம்பு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, மற்றபடி சாதாரண ஷாம்பு. ஐப்பசியில் காயும் நேரம்தான் பிரச்சினையானது. அவளுடைய முடி முழுதாகக் காய நான்கு மணி நேரம் ஆகிறது, மாலையில் கரண்ட் போனால் ஃபேனும் இல்லை. கழுவுவதைக் காலை பத்து மணிக்கு மாற்றிக்கொண்டாள்.

கார்த்திகைக் காற்று தொடங்கியதும், வாரம் ஒன்றாகக் குறைக்கலாமா என்று கேட்டு வந்தாள். மறுபடி பேப்பர் வைத்தோம். உச்சி இரண்டாம் நாள்தான் கறைபட்டது, முன்புபோல முதல் நாளே இல்லை. ஆனாலும் பொடுகு வந்து போன தலை, அதனால் இரண்டு நாளைத் தொடச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை கண்டிஷனரை முழுதாக அலசாமல் கொஞ்சம் நீளத்திலேயே விட்டுவிடவும், ஸ்கூட்டரில் கோபாலபுரம் தாண்டிப் போகும்போது முடியைப் பின்னி உள்ளே மடித்துப் பருத்தித் துணி கட்டிக்கொள்ளவும் சொன்னேன். தை முடியும்போது நுனியில் இரண்டு அங்குலம் வெட்டினோம், பழைய சேதம் அது. பங்குனி பிறந்தால் ஞாயிற்றுக்கிழமை ஒரு வெறும் தண்ணீர்க் குளியல் சேர்க்க வேண்டியிருக்கும், அதற்கு முன்னால் இன்னொரு முறை பேப்பர் வைத்துப் பார்க்க வரச் சொல்லியிருக்கிறேன்.